அலுவலக வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு சின்னப் பொறியியல் வரைபட அலுவலகத்தின் நிர்வாகத்தையும் கணக்கையும் பல வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும் வேலை மூன்று வருடத்துக்கு ஒரு முறை என் மேசைக்கு வரும். இதே நிலையில் இருக்கும் நண்பர்கள் போனில் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துப் பேசுகிறேன்: 1,400 சதுர அடி, மாதம் 70,000 ரூபாய் வாடகை, 4,20,000 ரூபாய் அட்வான்ஸ், ஆகஸ்ட் 31-ல் முடியும் மூன்று வருட ஒப்பந்தம். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் தமிழ்நாட்டில் தனியார் கட்டடங்களுக்கு. கோயில் கட்டடம், வக்ஃபு சொத்து என்றால் விதிகள் வேறு.

அக்ரிமென்ட் முடிய எத்தனை மாசம் முன்னாடி ஓனரிடம் கேட்கணும்?

முதலில் உங்கள் ஒப்பந்தத்தில் "புதுப்பித்தல்" என்ற பத்தியைத் தேடுங்கள். அங்கே எத்தனை நாள் எழுதியிருக்கிறதோ, அதுதான் கெடு. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டமும் (சட்டம் 2017-ல் இயற்றப்பட்டது) ஒப்பந்தத்தில் சொல்லியிருக்கும் காலத்துக்குள் வாடகைதாரர் புதுப்பிக்கக் கேட்கலாம் என்றுதான் சொல்கிறது.

எங்கள் ஒப்பந்தத்தில் 90 நாள். ஆகஸ்ட் 31-லிருந்து 90 நாள் பின்னோக்கி எண்ணினால் ஜூன் 2. பலர் இதை "மூன்று மாதம்" என்று மனதில் வைத்துக்கொண்டு ஜூன் கடைசியில் கடிதம் எழுதுவார்கள். அதற்குள் கெடு தாண்டியிருக்கும். இன்னொன்று, ஜூன் 2 என்பது கடிதம் ஓனர் கையில் சேர்ந்திருக்க வேண்டிய நாள். நாம் தபாலில் போடும் நாள் இல்லை. அதனால் மே இரண்டாம் வாரத்தில் கடிதம் கிளம்பிவிட வேண்டும். அதற்கு முன், ஏப்ரலிலேயே ஒரு முறை நேரில் போய்ப் பேச்சைத் தொடங்கிவிடுவது என் வழக்கம்.

நான் சூடுபட்ட கதை ஒன்று உண்டு. முந்தைய அலுவலகத்தில் ஓனரிடம் மே மாதமே போனில் சொன்னேன். "அதுக்கென்ன சார், நீங்க இருங்க, பார்த்துக்கலாம்" என்றார். நானும் கடிதம் எழுதாமல் விட்டுவிட்டேன். ஆகஸ்ட் 20-ம் தேதி வந்து 22 சதவீதம் ஏற்றிக் கேட்டார். பதினோரு நாளில் எங்கே போவது? பேசிப் பேசி 18-ல் முடிந்தது. அவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். நேரத்தை முழுவதுமாக அவர் கையில் கொடுத்தது நான்தான்.

"இருவரும் சம்மதித்தால் புதுப்பிக்கலாம்"னு எழுதியிருக்கு. அப்போ நமக்கு உரிமை இருக்குதானே?

இல்லை. "இருவரும் சம்மதித்தால்" என்ற சொல் இருந்தாலே அது உரிமை ஆகாது. ஓனர் முடியாது என்றால் விஷயம் அதோடு முடிந்தது. "வாடகைதாரர் 90 நாள் முன்னதாக எழுத்தில் கேட்டால், இன்ன வாடகைக்கு, இத்தனை ஆண்டுக்கு உரிமையாளர் புதுப்பித்துத் தர வேண்டும்" என்று இருந்தால்தான் அது வாடகைதாரரின் விருப்ப உரிமை. இதிலும் வாடகை எப்படி முடிவாகும் என்று எழுதாமல் விட்டிருந்தால் அந்த உரிமையில் பாதி பலம் போய்விடும்.

இன்னொரு நுட்பம்: "நீட்டிப்பு" வேறு, "புதுப்பித்தல்" வேறு. நீட்டிப்பு என்றால் பழைய ஒப்பந்தமே தொடர்கிறது. புதுப்பித்தல் என்றால் புதுப் பத்திரம் போட வேண்டும். உச்ச நீதிமன்றம் 1989-லேயே இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கடிதத்தில் எந்தச் சொல்லைப் போடுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள சொல்லையே அப்படியே எடுத்து எழுதுங்கள்.

வாடகை எவ்வளவுன்னு நாமளே முதல்ல சொல்லலாமா? அவர் சொல்லட்டும்னு விடலாமா?

நாமே சொல்வதுதான் நல்லது என்பது என் அனுபவம். "வாடகை குறித்துப் பேசி முடிவு செய்யலாம்" என்று எழுதினால் ஓனர் முதலில் புரோக்கருக்குத்தான் போன் போடுவார். புரோக்கர் ஒரு விலை சொல்வார். பிறகு பேச்செல்லாம் அந்த விலையிலிருந்துதான் தொடங்கும். நாம் ஒரு தொகையும் அதற்கான காரணமும் எழுதிக் கொடுத்துவிட்டால் பேச்சு நம் காகிதத்தைச் சுற்றி நடக்கும். ஆனால் தொகை நியாயமாக இருக்க வேண்டும். ஐந்து பைசா ஏற்ற மாட்டேன் என்று தொடங்கினால் அவர் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்.

தொகையை எப்படிக் கண்டுபிடிப்பது? தெருவில் இரண்டு வாரம் நடக்க வேண்டும், வேறு வழி இல்லை. "டு-லெட்" பலகையில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து கேட்டால் சொல்லும் வாடகை கிடைக்கும், முடிந்த வாடகை கிடைக்காது. முடிந்த வாடகையைத் தெரிந்துகொள்ள, சமீபத்தில் குடிவந்த அலுவலகத்துக் கணக்காளரிடம் ஒரு டீ குடித்துக்கொண்டே கேட்பதுதான் சிறந்த வழி.

இதில் எல்லோரும் சறுக்கும் இடம் சதுர அடிக் கணக்கு. எங்கள் 1,400 சதுர அடி என்பது சூப்பர் பில்ட்-அப். படிக்கட்டு, லிஃப்ட், வராந்தாவில் நம் பங்கெல்லாம் சேர்ந்தது. உள்ளே நாற்காலி போடக்கூடிய கார்ப்பெட் ஏரியா 1,050 சதுர அடிதான். சதுர அடிக்கு 50 ரூபாய் கொடுக்கிறோம். இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்தில் 56 ரூபாய் கேட்டார்கள். எங்கள் ஓனரும் அதைத்தான் காட்டினார்: "பாருங்க, மார்க்கெட் 56 போயிடுச்சு." நேரில் போய்ப் பார்த்தேன். அந்த இடம் சூப்பர் பில்ட்-அப்பில் 1,250 சதுர அடி. கார்ப்பெட் அதே 1,050! 1,250-ஐ 56-ஆல் பெருக்கினால் 70,000 ரூபாய். நாங்கள் கொடுப்பதும் அதேதான். அளவு நாடாவோடு போயிருக்காவிட்டால் ஆறு ரூபாய் வித்தியாசத்தை நானும் நம்பியிருப்பேன்.

ஓனர் ஒரேயடியா 15% கேட்கிறார். நாங்க 10%-உம் அப்புறம் வருஷம் 5%-உம் தர்றோம்னு சொல்லலாமா?

சொல்வதற்கு முன் மூன்று வருடத்துக்கும் கூட்டிப் பாருங்கள். கேட்க 10 சிறியது, 15 பெரியது. மொத்தத்தில் கதை வேறு.

15 சதவீதம் ஏற்றி, பிறகு மூன்று வருடமும் ஏற்றமே இல்லை என்றால் மாதம் 80,500. 36 மாதத்துக்கு 28,98,000 ரூபாய். 10 சதவீதத்தில் தொடங்கி வருடா வருடம் 5 என்றால் 77,000, 80,850, 84,892.50 என்று போகும். மொத்தம் 29,12,910. அதாவது நீங்கள் பேரம் பேசி "குறைத்த" தொகை ஓனர் கேட்டதை விட 14,910 ரூபாய் அதிகம். போதாக்குறைக்கு, கடைசி வருட வாடகை உயரமாக நிற்பதால் அடுத்த முறை பேச்சு அங்கிருந்து தொடங்கும். ஒன்றை மட்டும் ஓனரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும்: அவர் கேட்கும் 15 மூன்று வருடத்துக்கும் சேர்த்தா, இல்லை அதற்கு மேல் வருடா வருடம் ஏற்றமும் உண்டா?

நாங்கள் கடிதத்தில் எழுதியது முதல் வருடம் 6 சதவீதம், பிறகு ஆண்டுக்கு 5. அதாவது 74,200, பிறகு 77,910, பிறகு 81,805.50. மொத்தம் 28,06,986. ஓனருக்கு 6 பிடிக்கவில்லை. "பத்தாவது இல்லைன்னா வீட்டுல என்ன சொல்லுவாங்க" என்றார். அவருக்கு அந்த இரட்டை இலக்கம் முக்கியம் என்று அப்போதுதான் புரிந்தது. சரி, முதல் வருடமே 10 வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் வருடம் ஏற்றம் வேண்டாம், மூன்றாம் வருடம் 5 என்றேன். 77,000 இரண்டு வருடம், 80,850 ஒரு வருடம். மொத்தம் 28,18,200. நாங்கள் முதலில் எழுதிய தொகையை விட மூன்று வருடத்துக்கும் சேர்த்து 11,214 ரூபாய்தான் கூடுதல். கடைசி வருட வாடகையோ முதல் திட்டத்தை விடக் குறைவு. அவர் பத்து வாங்கிய திருப்தியோடு போனார், நானும் கணக்குப் புத்தகத்தை மூடினேன்.

ஓனர் பக்கத்துக் கணக்கையும் தெரிந்து வைத்திருங்கள். நாங்கள் எழுதிய முதல் திட்டத்துக்கும் அவர் கேட்ட 15 சதவீதத்துக்கும் மூன்று வருடத்தில் வித்தியாசம் 91,014 ரூபாய். நாங்கள் காலி செய்து இடம் ஒரு மாதம் பூட்டியிருந்தாலே 80,500 போய்விடும். அதோடு புரோக்கருக்கு வழக்கமாக ஒரு மாத வாடகை, பெயின்ட் செலவு. இதை மிரட்டலாகச் சொல்லக் கூடாது. "நாங்களும் மாற விரும்பலை சார், உங்களுக்கும் காலியா கிடந்தா நஷ்டம்" என்று ஒரு வரியில் சொன்னால் போதும், அவருக்கே தெரியும்.

எத்தனை வருஷத்துக்குக் கேட்பது? லாக்-இன் வேற போடச் சொல்றாங்க.

பார்டிஷன், ஃபால்ஸ் சீலிங், கேபிள் என்று உள்ளே செலவு செய்த அலுவலகம் மூன்று வருடத்துக்குக் குறைவாகக் கேட்பதில் லாபம் இல்லை. அடுத்த வருடம் ஆட்கள் கூடுவார்களா குறைவார்களா என்றே தெரியாத நிலையில் ஐந்து வருடம் கேட்பதும் வேண்டாம்.

காலத்தை விட லாக்-இன் முக்கியம். லாக்-இன் என்பது அந்தக் காலம் முடியும்வரை காலி செய்ய முடியாது, செய்தால் மீதி மாத வாடகை கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை. ஓனர்கள் மூன்று வருடமும் கேட்பார்கள். நாங்கள் கேட்பது: எங்களுக்கு முதல் 12 மாதம் லாக்-இன், அதன் பிறகு மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம். ஓனரோ, நாங்கள் வாடகையை ஒழுங்காகக் கட்டி நிபந்தனைகளை மீறாத வரை, மூன்று வருடமும் எங்களைக் கிளப்ப முடியாது. அவர் 18 மாதம் என்று நின்றால் ஒப்புக்கொண்டு, அதற்குப் பதிலாக வாடகையில் ஏதாவது கேட்டு வாங்கலாம். லாக்-இன் மாதங்கள்தான் நம் கையில் உள்ள நல்ல சரக்கு. இலவசமாகக் கொடுத்துவிடாதீர்கள்.

தொழில் டல்லா இருக்கு. வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டா தப்பா?

தப்பில்லை, ஆனால் மாத வாடகையைக் குறைக்கச் சொல்வதுதான் ஓனருக்கு மிகவும் கசக்கும் வழி. பத்திரத்தில் எழுதும் வாடகையை வைத்துத்தான் அவர் வங்கிக் கடன் கேட்பார், கட்டடத்தை விற்கும்போதும் அதைத்தான் காட்டுவார், மேல்மாடிக்காரரும் அதை மேற்கோள் காட்டுவார். அதனால் எழுதிய வாடகையைத் தொடாமல் ஒரு முறைச் சலுகையாகக் கேளுங்கள். புது ஒப்பந்தத்தில் முதல் மாதம் வாடகை இல்லை என்றால், 74,200 ரூபாயை 36 மாதத்துக்குப் பரப்பிப் பார்த்தால் மாதம் சுமார் 2,000 குறைத்ததற்குச் சமம். பெயின்ட் அடித்துத் தருவது, ஒழுகும் கழிவறையைச் சரிசெய்வது, கூடுதலாக ஒரு கார் பார்க்கிங் எல்லாம் இதே வகைதான்.

கட்டடத்தில் குறை இருந்தால் தேதியோடு எழுதுங்கள். "லிஃப்ட் அடிக்கடி ரிப்பேர்" என்றால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். "மார்ச் 4 முதல் 19 வரை லிஃப்ட் இயங்கவில்லை, மூன்றாம் மாடி" என்றால் பதில் சொல்லியாக வேண்டும்.

கடிதம் எப்படி எழுதணும்? ஒரு மாதிரி கிடைக்குமா?

ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எந்த ஒப்பந்தம், எப்போது முடிகிறது, என்ன கேட்கிறோம், எப்போதைக்குள் பதில் வேண்டும் என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். நாங்கள் அனுப்பியது ஏறக்குறைய இப்படி:

> தேதி: மே 11
>
> பெறுநர்: (உரிமையாளர் பெயர், ஒப்பந்தத்தில் உள்ளபடி முழு முகவரி)
>
> பொருள்: மூன்றாம் மாடி அலுவலக வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கோருதல்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> மேற்கண்ட இடத்துக்கு நமக்குள் ஏற்பட்ட வாடகை ஒப்பந்தம் (தேதி, பதிவு எண்) வரும் ஆகஸ்ட் 31 அன்று முடிவடைகிறது. ஒப்பந்தத்தின் 14-ஆம் பத்தியின்படி, செப்டம்பர் 1 முதல் மூன்று ஆண்டுகளுக்கு அதைப் புதுப்பித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.
>
> நாங்கள் முன்வைக்கும் நிபந்தனைகள்: மாத வாடகை முதல் ஆண்டு ரூ. 74,200 (இப்போதைய ரூ. 70,000-ல் 6 சதவீத உயர்வு), அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 5 சதவீத உயர்வு. ஜிஎஸ்டி இருந்தால் தனி. தங்களிடம் உள்ள அட்வான்ஸ் ரூ. 4,20,000 அப்படியே தொடரும். எங்களுக்கு முதல் 12 மாதம் லாக்-இன், அதன் பின் மூன்று மாத முன்னறிவிப்பு. கழிவறைக் குழாய்க் கசிவையும் முன் அறைச் சுவரின் ஈரத்தையும் ஆகஸ்ட் 31-க்குள் சரிசெய்து தர வேண்டுகிறோம்.
>
> கடந்த மூன்று ஆண்டுகளாக வாடகை ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் தங்கள் கணக்கில் செலுத்தப்பட்டுள்ளது. விவரப் பட்டியலை இணைத்துள்ளோம்.
>
> ஜூன் 10-க்குள் தங்கள் கருத்தை எழுத்தில் தெரிவித்தால் புதிய பத்திரத்தைத் தயார் செய்ய வசதியாக இருக்கும். நேரில் பேச எந்த நாளும் வரத் தயார்.
>
> இப்படிக்கு, (பெயர், பொறுப்பு, நிறுவன முத்திரை)

வங்கியிலிருந்து எடுத்த 36 மாதப் பட்டியலை இணைத்தது வெறும் அலங்காரத்துக்கு இல்லை. ஒரு மாதமும் தாமதம் ஆகாத வாடகைதாரர் என்பதற்கு ஓனர் மனதில் ஒரு விலை உண்டு. அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் ஓனர் "உட்காருங்க" என்றார். ஒன்றிரண்டு மாதம் தாமதமாகியிருந்தால் பட்டியலை இணைக்காதீர்கள், அந்த வரியையும் எடுத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்ல அனுப்பினா போதாதா?

ஒப்பந்தத்தில் அறிவிப்பு எப்படிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பத்தி இருக்கும். அதில் தபால் என்று இருந்தால் தபால்தான். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் சேர்ந்த விவரத்தை அச்செடுத்தும் கோப்பில் வையுங்கள். அதே கடிதத்தின் பிடிஎஃபை மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வயதான ஓனர்கள் சிலருக்கு முன்னறிவிப்பில்லாமல் தபால் வந்தால் வக்கீல் நோட்டீஸோ என்று மனசு சங்கடப்படும். "முறைக்காக ஒரு லெட்டர் வரும் ஐயா" என்று முதல் நாள் போனில் சொல்லிவிடுங்கள்.

பதிலே வரலை. அக்ரிமென்ட் முடிஞ்சிடுச்சு, ஆனா வாடகையை வாங்கிக்கறார். அப்ப தானா புதுப்பிச்ச மாதிரிதானே?

மூன்று வருடத்துக்குப் புதுப்பித்த மாதிரி இல்லை. மேலே சொன்ன சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்கவும் இல்லை, காலி செய்யவும் இல்லை என்றால் அதே நிபந்தனைகளோடு மாதத்துக்கு மாதம் தொடர்வதாகக் கொள்ளப்படும். அதுவும் அதிகபட்சம் ஆறு மாதம். ஆகஸ்ட் 31-ல் முடிந்தால் பிப்ரவரி கடைசி வரை. அதன் பிறகும் உட்கார்ந்திருந்தால் இரு மடங்கு வாடகையை இழப்பீடாகக் கேட்கும் பேச்சு வரலாம்.

இந்த ஆறு மாதத்தைப் பேச்சுவார்த்தைக்கான இடைவெளியாகப் பாருங்கள், பாதுகாப்பு என்று நினைத்துத் தூங்கிவிடாதீர்கள். ஓனர் "அப்புறம் பார்க்கலாம்" என்று மூன்று முறை சொன்னால் அவர் இடத்தை வேறு யாருக்கோ காட்டிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். வாட்ச்மேனிடம் கேளுங்கள். யாராவது வந்து பார்த்துவிட்டுப் போனார்களா என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

அட்வான்ஸையும் கூட்டித் தரச் சொல்றார். தரணுமா?

சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் அளவாக வைத்திருக்கிறது, ஆனால் இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அதற்கு இடம் கொடுக்கிறது. சென்னையில் ஆறு, பத்து மாதம் வாங்குவது இந்த வாசல் வழியாகத்தான். எங்களிடம் "புது வாடகைக்கும் ஆறு மாதம்" என்றார். வாடகை உயர்வைத் தருகிறோம், அட்வான்ஸ் அப்படியே இருக்கட்டும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்ததால் பேச்சு அதிகம் நீளவில்லை.

இதில் உண்மையான ஆபத்து வேறு. புதுப் பத்திரத்தில் பழைய அட்வான்ஸ் பற்றி ஒரு வரியும் இல்லாமல் போவது. பத்திர எழுத்தர் பழைய மாதிரியை எடுத்துத் தொகையை மட்டும் மாற்றுவார், அந்த வரி விடுபடும். "முந்தைய ஒப்பந்தத்தின்படி இன்ன தேதியில் இன்ன காசோலை மூலம் பெற்ற ரூ. 4,20,000 இந்த ஒப்பந்தத்தின் அட்வான்ஸாகத் தொடர்கிறது" என்று காசோலை எண்ணோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பதிவு பண்ணணுமா? 11 மாசத்துக்குப் போட்டுட்டா செலவு மிச்சம்னு ஓனர் சொல்றார்.

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் 11 மாதப் பழக்கம். ஆனால் 11 மாத ஒப்பந்தத்தில் நீங்கள் பாடுபட்டுப் பேசிய மூன்று வருட வாடகைக்கும் லாக்-இன்னுக்கும் இடம் ஏது? மூன்று வருடம் என்று எழுதிப் பதியாமல் விட்டாலும் கிட்டத்தட்ட இதே கதிதான். வழக்கு என்று வந்தால் அந்த நிபந்தனைகளை நிரூபிக்க அந்தக் காகிதத்தைக் காட்ட முடியாது.

முப்பது வருடத்துக்குக் குறைந்த குத்தகைக்கு முத்திரைத் தீர்வை, மொத்த வாடகையும் அட்வான்ஸும் சேர்ந்த தொகையில் 1 சதவீதம். எங்கள் கணக்கில் 28,18,200-உம் 4,20,000-உம் சேர்ந்து 32,38,200. தீர்வை சுமார் 32,400 ரூபாய். பதிவுக் கட்டணம் தனி. வேறு பேச்சு இல்லாவிட்டால் முத்திரைச் செலவு வாடகைதாரர் தலையில்தான் விழும். பாதிப் பாதி என்று கேட்டால் பல ஓனர்கள் ஒப்புக்கொள்கிறார்கள், கேட்காமல் விடாதீர்கள். எத்தனை மாதமானாலும் ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவதும் தனியாக இருக்கிறது. அது tenancy.tn.gov.in தளத்தில்.

ஜிஎஸ்டி, டிடிஎஸ் பற்றி கடிதத்தில் சொல்லணுமா?

"ஜிஎஸ்டி தனி" என்ற இரண்டு சொல் போதும், ஆனால் அது இருக்க வேண்டும். 77,000 ரூபாய் வாடகைக்கு 18 சதவீதம் 13,860 ரூபாய். அது வாடகைக்குள் அடக்கமா வெளியேயா என்று பின்னால் சண்டை வரக் கூடாது. 2024 அக்டோபர் 10 முதல், ஓனர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவராக இருந்து நீங்கள் பதிவு பெற்றவராக இருந்தால், அந்த வரியை நீங்களே நேரடியாக அரசுக்குக் கட்ட வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது இல்லை. நிறுவனமாக இருந்து மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால் வாடகையில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துத்தான் கொடுக்க வேண்டும், ஜிஎஸ்டியைச் சேர்க்காமல். முதல் முறை 77,000-க்குப் பதில் 69,300 கணக்கில் விழுந்தால் ஓனர் பதறிப் போன் செய்வார். முன்பே சொல்லி வையுங்கள்.

ஓனர் இறந்துட்டார். பிள்ளைகள் மூணு பேர். யாருக்குக் கடிதம் எழுதுவது?

மூவருக்கும், ஒரே கடிதத்தில் மூன்று பெயரும் போட்டு, மூன்று முகவரிக்கும் தனித்தனியாக. வாடகை வாங்கும் மூத்தவரிடம் மட்டும் பேசி முடித்தால், வெளியூரில் இருக்கும் இளையவர் பிறகு நான் சம்மதிக்கவில்லை என்பார். புதுப் பத்திரத்தில் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது மற்ற இருவரும் மூத்தவருக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழ் நகலையும் கேட்டு வாங்குங்கள். அட்வான்ஸ் அப்பாவிடம் கொடுத்ததுதானே என்று யாராவது தொடங்குவதற்குள், "தந்தை பெற்ற ரூ. 4,20,000-ஐத் திருப்பித் தரும் பொறுப்பு எங்கள் மூவருக்கும் உண்டு" என்ற வரியைப் பத்திரத்தில் ஏற்றிவிடுங்கள்.